வேலைக்கு வருகிறவரிடம் சந்தா கேட்பது எப்படி: ஊர்ச் சங்கத்தின் புதிய பொருளாளருக்கு

சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை ஏற்கும்போது பேரேடு, ரசீதுப் புத்தகம், வங்கிப் பாஸ் புத்தகம் ஆகியவற்றோடு ஒரு பழைய சந்தா நினைவூட்டலும் கைக்கு வரும். தேதியை மட்டும் மாற்றி அதையே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரணிப் பாதுகாப்புச் சங்கத்தில் பொருளாளராக இருந்தபோது நானும் அப்படித்தான் அனுப்பினேன். கடிதம் போன மறு ஞாயிற்றுக்கிழமை, ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கிச் சீமைக் கருவேலம் வெட்டுவதில் எப்போதும் முதல் ஆளாக நிற்கும் ஓர் அண்ணன் சங்க அறைக்கு வந்தார். சங்கத்து அரிவாளையும் மண்வெட்டியையும் சுவரில் சாத்தினார். "பாக்கிக்காரன் கையில் சங்கத்துச் சாமான் இருக்க வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தர வேண்டியதாக என் பட்டியலில் இருந்த தொகை 300 ரூபாய். அதையும் அவர் தர வேண்டியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே அவருடைய மகன் தன் கைபேசியிலிருந்து அனுப்பியிருக்கிறார். வங்கிக் கணக்கில் மகன் பெயர் விழுந்திருந்தது. நான் அதை யாருடையது என்று தெரியாத வரவாக எழுதி வைத்திருந்தேன்.

அந்தக் கடிதம் இதுதான். உங்களிடம் வந்திருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

> அன்புடையீர்,
>
> தாங்கள் நமது சங்கத்திற்குச் செலுத்த வேண்டிய ஆண்டுச் சந்தா பாக்கி இதுநாள் வரை செலுத்தப்படாமல் இருப்பது வருத்தத்திற்குரியது. பலமுறை அறிவித்தும் உறுப்பினர்கள் ஒத்துழைக்காததால் சங்கப் பணிகள் பாதிக்கப்படுகின்றன. இக்கடிதம் கண்ட ஏழு தினங்களுக்குள் நிலுவைத் தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறும் பட்சத்தில் துணைவிதிகளின்படி தங்கள் உறுப்பினர் தகுதி ரத்து செய்யப்படும்.
>
> இப்படிக்கு,
> பொருளாளர்

இதைத் திருத்தி எழுதும் வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எங்கள் சங்கத்தின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள் 64 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஜூன் முடிவில் சந்தா வந்திருந்தது 41 பேரிடமிருந்து. பட்டியலில் மீதமிருந்தவர்கள் 23 பேர்.

முதலில் கணக்கு, பிறகு கடிதம்

எழுத உட்காருவதற்கு முன் அந்த 23 பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு மாலை முழுவதும் ஆகும். கடிதத்தின் நடையை எவ்வளவு மென்மையாக்கினாலும், பணம் கொடுத்துவிட்ட ஒருவரிடம் அது போய்ச் சேர்ந்தால் அத்தனையும் வீண்.

பணம் வந்தும் பெயர் விடுபடுவதற்கு எங்கள் பக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது நான் மேலே சொன்னது: அப்பாவின் சந்தாவை மகனோ மகளோ சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ கைபேசி வழியாக அனுப்புவது. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்க, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் செட்டிநாட்டில் இது மிகச் சாதாரணம். இரண்டாவது, கோயிலிலோ கடைத்தெருவிலோ பார்க்கும்போது செயலாளர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுவது. அவர் சட்டைப் பையில் வைத்திருப்பார், ரசீது போட்டிருக்க மாட்டார். மூன்றாவது, ஒருவரே மூன்று பேருக்குச் சேர்த்து 900 ரூபாய் அனுப்புவது. மொத்தமும் அவர் பெயரிலேயே வரவாகி, மற்ற இருவர் பட்டியலில் தங்கிவிடுவார்கள்.

ஆகவே வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து 300, 600, 900 என்று வரும் ஒவ்வொரு வரவையும் குறித்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. வழியாக வந்த ஒவ்வொரு தொகைக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஒன்று இருக்கும். அதே எண் அனுப்பியவர் கைபேசியிலும் இருக்கும். சந்தேகமானவற்றை இந்த எண்ணை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம். பிறகு செயலாளரிடமும் தலைவரிடமும் "உங்கள் கையில் யாராவது கொடுத்தார்களா?" என்று கேளுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், மறந்திருப்பார்கள்.

இப்படிப் பார்த்ததில் எங்கள் 23 பேரில் 5 பேர் ஏற்கெனவே கொடுத்தவர்கள் என்று தெரிந்தது. மூவருக்குப் பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் செயலாளரிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். ஒருவருக்கு அவர் பங்காளி தன் சந்தாவோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். அந்த ஐந்து பேருக்கும் அன்றே ரசீது எழுதி அனுப்பினோம். மீதி 18 பேர். அந்த 18 பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் வேண்டும்: இந்த ஆண்டு அவர் சங்கத்துக்கு என்ன செய்திருக்கிறார்? வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது 18 பேரில் 11 பேர் ஞாயிறு வேலைக்குத் தவறாமல் வருகிறவர்கள். அதாவது சந்தா வராதவர்களில் பாதிக்கும் மேல், சங்கத்தின் மீது அக்கறை குறைந்தவர்கள் அல்ல. வேலைக்கு வந்து போவதால் சந்தாவும் கட்டிவிட்டது போன்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. இந்த உண்மை தெரிந்தபின் பழைய கடிதத்தை அப்படியே அனுப்ப உங்களுக்கே மனம் வராது.

'பாக்கி' என்ற சொல்

இது கொண்டுவிற்ற ஊர், வட்டித் தொழிலில் வாழ்ந்த ஊர். சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் வீட்டுப் பேச்சில் புழங்கிய இடம். இங்கே பாக்கி என்றால் வாங்கிய கடனில் திருப்பித் தராத பங்கு. வட்டிக் கணக்கின் சொல் அது. சங்கத்தில் ஒருவர் கடன் வாங்கவில்லை. தானாக விரும்பிச் சேர்ந்திருக்கிறார், தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறார். அவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் கடன்காரராகிவிடுகிறார். அந்த அண்ணன் திருப்பிச் சொன்னதும் அந்த ஒரு சொல்லைத்தான்.

'நிலுவை' சற்று அலுவலகச் சொல், ஆனால் குத்தல் குறையவில்லை. பேரேட்டில் அதை எழுதலாம், கடிதத்தில் வேண்டாம். கடிதத்தில் 'இந்த ஆண்டுச் சந்தா' என்று மட்டும் எழுதுங்கள். 'உங்கள் இந்த ஆண்டுச் சந்தா இன்னும் எங்கள் கணக்கில் வரவாகவில்லை' என்பது உண்மையையும் சொல்கிறது, யார் மீதும் பழியையும் போடவில்லை. பணம் வராததற்கு உங்கள் கணக்கும் காரணமாக இருக்கலாம் என்ற இடம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

மென்மையாக எழுத வேண்டும் என்று சிலர் சந்தாவை 'நன்கொடை' என்று எழுதிவிடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள். நன்கொடை விருப்பப்பட்டால் தருவது. சந்தா உறுப்பினர் என்ற முறையில் எல்லோரும் ஒரே அளவாகத் தருவது. நகரத்தார் வீடுகளில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் புள்ளி வரி கட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை. இரண்டையும் கலந்து எழுதினால் ஒருவர் 100 ரூபாய் அனுப்பிவிட்டு நன்கொடை தந்துவிட்டதாக நினைப்பார், நீங்கள் 200 குறைகிறது என்று மறுபடி எழுத வேண்டி வரும். தணிக்கையாளரும் இரண்டையும் தனித்தனித் தலைப்பில்தான் கேட்பார். சங்கத்துக்கு வருமான வரி விலக்குச் சான்று இருந்தாலும் அது நன்கொடைக்குத்தான், சந்தாவுக்கு அல்ல. சொல்லில் குழப்பினால் அந்த விலக்கை எதிர்பார்த்து யாராவது ஏமாறுவார்கள்.

வரி வரியாகத் திருத்துதல்

பழைய கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் பார்ப்போம்.

"அன்புடையீர்" என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் யாரையும் அழைப்பதில்லை. 18 கடிதங்கள்தானே, ஒவ்வொன்றிலும் பெயரை எழுதுங்கள். நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே இருக்கட்டும்: வயதில் மூத்த பெண்மணியை ஆச்சி என்று கூப்பிடுவீர்களானால் கடிதத்திலும் ஆச்சி. அண்ணன் என்றால் அண்ணன். ஓய்வு பெற்ற ஆசிரியரை ஐயா என்பீர்கள், அதுவே இருக்கட்டும். நேரில் ஆச்சி என்று பேசிவிட்டுக் கடிதத்தில் 'தாங்கள்' என்று எழுதினால், பணம் என்றதும் உறவு மாறிவிட்டதாகவே படும். 'நீங்கள்' போதும். மரியாதை அதில் குறைவதில்லை. தலைப்பில் 'சிவமயம்' எழுதுவது இங்கே பல வீடுகளின் வழக்கம். உங்கள் சங்கத்தில் எல்லா மதத்தவரும் இருந்தால், சங்கத்தின் பெயரும் தேதியும் மட்டும் போதும்.

"வருத்தத்திற்குரியது" என்பது தீர்ப்பு. "பலமுறை அறிவித்தும்" என்பது பொதுவாக உண்மையாகவும் இருப்பதில்லை. எங்கள் சங்கத்தில் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு முறை சொன்னதோடு சரி. அந்தக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை என்றால் அவருக்கு இதுதான் முதல் அறிவிப்பு. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

"உறுப்பினர்கள் ஒத்துழைக்காததால்" என்பதுதான் அந்தக் கடிதத்தில் மிகவும் தவறான வாக்கியம். மே மாத வெயிலில் இடுப்பளவு சேற்றில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டவருக்கு ஒத்துழைக்கவில்லை என்று கடிதம் போகிறது. அந்த இடத்தில் அவர் செய்ததை ஒரு வரியில் சொல்லுங்கள். பொதுவான புகழ்ச்சி வேண்டாம். 'தங்கள் மேலான சேவைக்கு நன்றி' என்றால் அச்சடித்த நன்றி என்று தெரிந்துவிடும். 'வடகரை வரத்துக்காலில் மே மாதம் நான்கு ஞாயிறும் நீங்கள் நின்றதால்தான் அடைப்பு விட்டது' என்று எழுதினால், அவரைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரியும். வருகைப் பதிவேட்டை முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். வேலைக்கு வராத 7 பேருக்கு இந்த வரி வேண்டாம். இல்லாத வேலைக்கு நன்றி சொன்னால் அது குத்திக்காட்டுவதாகிவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நன்றி சொல்லும் வரியையும் பணம் கேட்கும் வரியையும் 'ஆனால்' என்ற சொல்லால் இணைக்காதீர்கள். 'நீங்கள் உழைக்கிறீர்கள், ஆனால் சந்தா வரவில்லை' என்று எழுதிய உடனே முன்னால் சொன்ன நன்றி பொய்யாகிவிடுகிறது. இரண்டையும் இரண்டு பத்தியாக வையுங்கள். நடுவில் எந்த இணைப்புச் சொல்லும் தேவையில்லை.

"நிலுவைத் தொகையை" என்றிருக்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. எப்படிச் செலுத்துவது என்றும் இல்லை. இவ்வளவு கடுமையான கடிதத்தில் தேவையான செய்தி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நட்பாக எழுத நினைப்பவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். கூச்சத்தால் தொகையைச் சொல்லாமல் 'முடிந்தபோது பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுகிறார்கள். படிப்பவர் எவ்வளவு என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டு அப்படியே ஒத்திவைப்பார். தொகை, எந்த ஆண்டுக்கு, எந்தத் தேதிக்குள், எந்த வழியில் என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். தெளிவாகச் சொல்வது கடுமை அல்ல.

"ஏழு தினங்களுக்குள்" என்பதற்குப் பதிலாகக் காரணத்தோடு ஒரு தேதி கொடுங்கள். எங்களுக்குக் காரணம் இருந்தது: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதற்குமுன் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும், மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஆகஸ்ட் மாதமே முன்பணம் கொடுக்க வேண்டும். எனவே ஜூலை 31. இந்தத் தேதியைப் படிப்பவர் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, மழையோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்.

"ரத்து செய்யப்படும்" என்ற கடைசி வரியை முதல் நினைவூட்டலில் எழுதவே வேண்டாம். அதற்காகத் துணைவிதியை மறந்துவிடச் சொல்லவில்லை. உங்கள் சங்கத்தின் துணைவிதியைப் படித்துவிடுங்கள். சந்தா எத்தனை மாதம் தவறினால் வாக்குரிமை போகும், எத்தனை மாதத்தில் உறுப்பினர் தகுதி போகும், அதற்குமுன் எழுத்துமூலம் அறிவிப்பு வேண்டுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சங்கத்துக்குச் சங்கம் அது வேறுபடும். நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் பெரும்பாலும் நிர்வாகக் குழுவுக்குத்தான் இருக்கும், பொருளாளர் ஒருவருக்கு இருக்காது. உங்களால் செய்ய முடியாததைச் செய்வேன் என்று எழுதுவது சரியல்ல.

திருத்திய கடிதம்

> அன்புள்ள ஆச்சிக்கு,
>
> வணக்கம். மே மாதம் நான்கு ஞாயிறும் நீங்கள் வீட்டிலிருந்து மோரும் பலகாரமும் கொண்டுவந்து, வந்தவர்கள் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைத்தீர்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் இந்த ஆண்டு யார் எந்தக் கரையில் வேலை செய்தார்கள் என்பதை ஆண்டறிக்கையில் எழுத முடிந்தது. நன்றி.
>
> இந்தக் கடிதம் சந்தாவை நினைவூட்ட. இந்த ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உங்கள் பெயரில் இன்னும் எங்கள் கணக்கில் வரவாகவில்லை. நீங்களோ வீட்டில் யாராவதோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் தேடிச் சரிசெய்து ரசீது அனுப்புகிறேன்.
>
> இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஜூலை 31-க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர்வார ஆகஸ்டில் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கிறோம். ஞாயிறு காலை ஊரணிக்கரையில் என்னிடம் ரொக்கமாகத் தரலாம், அங்கேயே ரசீது தருகிறேன். கைபேசியில் அனுப்பினால் கீழே உள்ள கியூ.ஆர். படத்தைப் பயன்படுத்தி, குறிப்பில் உங்கள் உறுப்பினர் எண் 37 என்று போடச் சொல்லுங்கள்.
>
> ஒரே தடவையில் தருவது இப்போது சிரமம் என்றால் மூன்று மாதம் நூறு நூறாகத் தரலாம். என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.
>
> அன்புடன்,
> (பெயர்), பொருளாளர்

சில இடங்களை மட்டும் விளக்குகிறேன். 'இந்தக் கடிதம் சந்தாவை நினைவூட்ட' என்று நேராகச் சொல்லியிருக்கிறது. எதற்காக எழுதுகிறோம் என்பதை ஒளித்து வைத்தால், நன்றி சொன்னதெல்லாம் பணம் கேட்பதற்கு முன்னோட்டம் என்று படிப்பவருக்குப் படும். கணக்கில் தவறு இருந்தால் தேடிச் சரிசெய்யும் வேலையைப் பொருளாளர் தன் மேல் எடுத்துக்கொள்கிறார். உறுப்பினர் எண்ணைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்ததால் மகன் கைபேசியிலிருந்து வந்தாலும் அது யாருடைய சந்தா என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு உங்கள் வேலை பாதியாகும். கீழே உங்கள் பெயரை எழுதுங்கள், பதவியை மட்டும் எழுதாதீர்கள்.

தவணை வசதியைத் தருமுன் நிர்வாகக் குழுவில் ஒரு வரி தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் வந்தாலும் அன்றே ரசீது போட வேண்டும். 300 ரூபாய் ரசீதுக்கு வருவாய் முத்திரை ஒட்ட வேண்டியதில்லை, 5,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் அது தேவை.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிறோம் என்றால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அனுப்புகிறவர் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அதை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதுவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரலாம். அப்படிப்பட்ட பணத்தைத் தணிக்கையாளரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அந்த வீட்டுப் பெரியவர் தன் கணக்கிலிருந்தே 300 ரூபாயைத் தருவது எளிது.

"நான்தான் வேலை செய்கிறேனே"

கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். ஒரு நாள் கூலியைக் கணக்கிட்டால் நான்கு ஞாயிறு வேலை செய்தவர் 300 ரூபாயைப் போலப் பல மடங்கு கொடுத்திருக்கிறார். இதை மறுக்கவே மறுக்காதீர்கள். மறுத்தால் அவர் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும்.

அதற்காக 'சரி அண்ணே, உங்களுக்கு வேண்டாம்' என்றும் சொல்லிவிடக் கூடாது. சந்தாவைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பொருளாளருக்கு இல்லை. இன்று அன்பினால் விட்டுவிட்டால், ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்க எழும்போது 'இவர் சந்தா கட்டினாரா?' என்று யாராவது கேட்பார்கள். அப்போது சபையில் தலைகுனிவது அவர்தான். அவருக்கு நன்மை செய்வதாக நினைத்து அவர் உரிமையை நீங்களே பலவீனமாக்கியிருப்பீர்கள்.

நான் சொன்ன பதில் இதுதான்: "அண்ணே, நீங்கள் செய்கிற வேலைக்கு விலை போட முடியாது, சந்தா அதற்கு ஈடும் இல்லை. அது உங்கள் ஓட்டுக்கு. வேலை செய்கிறவர்களுக்குச் சந்தாவைக் குறைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானமாகக் கொடுங்கள், நான் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்கிறேன். அதுவரை எல்லோருக்கும் 300 தான்." இதில் கடைசி வரியை விழுங்கிவிடாதீர்கள். எல்லோருக்கும் ஒன்று என்பதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் சமாதானமாகிவிடுகிறார்கள். தனக்கு மட்டும் கேட்கிறார்களோ என்பதுதான் அவர்களுடைய மனக்குறை.

உழைப்பையும் பணத்தையும் கடிதத்திலேயே பண்டமாற்றாக ஆக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 'உழைப்பைக் கொடுத்த நீங்கள் பணமும் கொடுப்பீர்கள் என நம்புகிறோம்' என்பது போன்ற வரிகள் பார்வைக்கு இனிமையாக இருக்கும். அவற்றைப் படிப்பவருக்கு, கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்கிறார்கள் என்ற அலுப்புத்தான் மிஞ்சும். பணம் எதற்கு என்பதைச் சொன்னால் அந்த அலுப்பு வராது. எங்கள் கணக்கில் 18 பேர் சந்தா 5,400 ரூபாய். அந்த ஆண்டு மண் அள்ளும் இயந்திரத்துக்கு நாங்கள் கொடுத்த வாடகை மணிக்கு 1,200 ரூபாய். ஆக, நாலரை மணி நேர வேலை. கரையில் கையால் மண் வெட்டியவர்களுக்கு அந்த நாலரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அனுப்பும் நாளும் வழியும்

முதல் கடிதத்தைக் கையில் கொடுப்பதுதான் எங்கள் ஊரில் சிறந்தது. வாட்ஸ்அப்பில் என்றால் தனித்தனியாக அனுப்புங்கள். பெயர்ப் பட்டியலைச் சங்கக் குழுவில் போடாதீர்கள், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டாதீர்கள். கட்டாதவர் பெயரைப் போடாமல் கட்டியவர் பெயரை மட்டும் போட்டாலும் அதே விளைவுதான். 64 பேர் உள்ள ஊரில் யார் பெயர் இல்லை என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி புறப்படும் நாட்களில் பாதி ஊர் நடையிலும் மீதி ஊர் அன்னதானத்திலும் இருக்கும். அப்போது அனுப்பாதீர்கள். ஊர்த் திருவிழா வாரமும் வேண்டாம். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் வரியும் மொய்யும் மண்டகப்படியுமாகச் செலவு நிற்கும். வெளியூரில் இருப்பவர்கள் திருவிழாவுக்கு வந்திருக்கிறார்களே, நேரில் கேட்டுவிடலாம் என்று தோன்றும். உறவினர் நடுவில் நிற்பவரிடம் சந்தா பேச வேண்டாம். பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள், அவர் ஊர் திரும்பிய மறுவாரம் கடிதம் அனுப்புங்கள்.

கடிதம் சரியாக அமைந்ததா என்பது பதில்களில் தெரிந்துவிடும். வருகிறவர்களெல்லாம் 'மன்னிக்கவும்' என்று தொடங்கினால் கடிதம் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்கிறது. 'எவ்வளவு?', 'எந்தக் கணக்கில்?' என்று கேட்டால் கடிதத்தில் தெளிவு இல்லை. தவறாமல் வருகிறவர் இரண்டு ஞாயிறு வராவிட்டால், சந்தாவைப் பற்றிப் பேசாமல் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். எங்கள் திருத்திய கடிதத்துக்கு வந்த முதல் பதில் ஒரு படம்: கைபேசியில் பணம் போன ரசீது, அதன் கீழே அந்த ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற கேள்வி.

இரண்டாம் முறை எழுத வேண்டி வந்தால்

ஜூலை முடிவில் 18 பேரில் 12 பேர் கொடுத்துவிட்டார்கள், இருவர் தவணை கேட்டார்கள். மீதி நான்கு பேருக்கு இரண்டாவது நினைவூட்டல். இங்கே பலரும் செய்யும் தவறு, அதே கடிதத்தைக் கொஞ்சம் கடுமையாக்குவது. குரலை உயர்த்தாமல் வழியை மாற்றுங்கள். எழுதியதற்குப் பதில் தராதவரிடம் தொலைபேசியில் பேசலாம். கடிதத்தைப் பார்க்காதவர், கண் அறுவை செய்துகொண்டவர், வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டில் இருப்பவர் என்று காரணங்கள் வெளியே வரும். எழுத்தில்தான் வேண்டும் என்றால் மூன்று வரி போதும்:

> அண்ணே, வணக்கம். ஜூலையில் சந்தா பற்றி எழுதியிருந்தேன், பார்த்தீர்களா என்று தெரியவில்லை. இந்த ஆண்டுக்கு 300 ரூபாய். இந்த ஞாயிறு கரைக்கு வரும்போது தரலாமா, அல்லது நான் வீட்டுக்கு வரட்டுமா?

மூன்றாவது கடிதம் என்ற நிலை வந்தால் அதை நீங்கள் எழுத வேண்டாம். துணைவிதி என்ன சொல்கிறதோ அதன்படி, குழுவின் தீர்மானத்தோடு, செயலாளர் கையெழுத்தில் போகட்டும். அதிலாவது விதியின் எண்ணையும் தேதியையும் வாக்குரிமை பற்றிய விளைவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக் கூட்டத்தின் வாசலில் வைத்து முதன்முறையாக அதை ஒருவர் கேட்கக் கூடாது. எங்களுக்கு அந்த ஆண்டு ஒருவருக்குத்தான் அப்படி எழுத வேண்டி வந்தது. உறுப்பினராகத் தொடர விரும்பவில்லை, வேலைக்கு மட்டும் வருகிறேன் என்று அவர் பதில் எழுதினார். குழு ஏற்றுக்கொண்டது. பேரேட்டில் அவர் பக்கத்தை முடித்தோம், வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் தொடர்கிறது.

மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் போன அண்ணன் வீட்டுக்கு, மகன் பெயரில் வந்த வரவைக் கண்டுபிடித்த அன்று மாலையே ரசீதோடு போனேன். தவறு என்னுடையது என்று சொல்லி ரசீதை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணையும் தேதியையும் படித்துப் பார்த்தார். "அந்த அரிவாளுக்குச் சாணை பிடிக்க வேண்டும், வரும்போது எடுத்துவா" என்றார்.